கண்டி ரிப்போர்ட்டில் பதின்மூன்றாம் மாதம்

கோணலாக இருக்கிற எதையும் பார்த்துக்கொண்டு நாகலெட்சுமியால் சும்மா இருக்க முடியாது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காலர் மடங்கியிருந்தால் இவள் கை பரபரக்கும். கடையில் பிஸ்கட் பக்கெட்டுகள் தலைகீழாக அடுக்கியிருந்தால், வாங்கவந்த சாமானை மறந்துவிட்டு அதை நேராக்கிக்கொண்டு நிற்பாள். பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அப்பா ஆண்டியப்பன் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற தட்டுகளில் வேலை. உயர்தரம் பாஸ் பண்ணிவிட்டு, ஹட்டனில் துணிக்கடை மாடியில் நடந்த கொம்பியூட்டர் வகுப்பில் சேர்ந்தபோது, "இவளுக்கு ஏத்த எடந்தான், அதுல எல்லாமே கட்டம் கட்டமா இருக்குமாமே" என்று அப்பா சொன்னார். மனுஷன் சொன்னதில் தப்பே இல்லை.

இருபத்து நாலாவது வயதில் அவளுக்கு ஹட்டனிலேயே வேலையும் கிடைத்தது. தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தச்சோகை பார்க்கும் ஒரு சுகாதார நிறுவனத்தின் கிளை ஒபிஸ். இரண்டு அறை, ஒரு பிரிண்டர், ஒரு வான் வண்டி. வான் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெண்களின் இரத்தத்தை எடுத்துப் பரிசோதனை லாப்புக்கு அனுப்பும். இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கும். சில மாதம் கழித்து மறுபடி போய் இரத்தம் எடுக்கும். ஹீமோகுளோபின் ஏறியதா இல்லையா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கான பதில்கள் எல்லாம் பிடிஎஃப் கோப்புகளாக லாப்களிலிருந்து மின்னஞ்சலில் வந்து, நாகலெட்சுமியின் கொம்பியூட்டரில் குவிந்து கிடந்தன.

ஒபிஸுக்குப் பொறுப்பாளர் பேரின்பநாயகம். யாழ்ப்பாணத்து மனிதர், நுவரெலியாவில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். வருகிற பிடிஎஃப் ஒவ்வொன்றையும் அச்செடுத்து, இரண்டு ஓட்டை போட்டு, தோட்டவாரியாகக் கோப்பில் கோத்துவைப்பார். எதற்கு சேர் இந்த வேலை என்று கேட்டால், "கொம்பியூட்டரை நம்பலாம் பிள்ளை, கரண்டை நம்பேலாது" என்பார். மையும் தாளும் தீர்ந்துபோகிற வேகத்தைப் பார்த்து நாகலெட்சுமிக்கு வயிறு எரியும்.

2008 ஆனி மாதம் கொழும்புத் தலைமை ஒபிஸிலிருந்து ஒரு கட்டளை வந்தது. அங்கே புரோகிராம் எழுதும் ஆரூரன் என்பவர் புதிய முறைமை ஒன்று செய்திருக்கிறார். இதுவரை வந்த இரத்த ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரே சீரான ஜேசன் பதிவுகளாக்கி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் அந்தப் பெண்ணின் இலக்கம், பரிசோதனையின் பெயர், முடிவு, அலகு, இரத்தம் எடுத்த திகதி. எண்ணிப் பார்த்தால் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பிடிஎஃப்.

"பிள்ளை, இதை நீர் கையால அடிச்சு முடிக்கேக்க எனக்குப் பேரப்பிள்ளையள் பிறந்திடும்" என்றார் பேரின்பநாயகம்.

"கையால எதுக்கு சேர்? புரோகிராம் எழுதிருவோம்" என்றாள் நாகலெட்சுமி. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் யாரோ பெண்பார்க்க வருகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள்.

ஜேசன் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு பதிவுக்கு ஒரு மீசை அடைப்பு. அதற்குள் பெயரும் மதிப்பும் சோடி சோடியாக நிற்கும். யார் எழுதினாலும், எந்தக் கொம்பியூட்டர் வாசித்தாலும் குழப்பம் வராது. குழப்பமெல்லாம் பிடிஎஃப்பில்தான். அதைக் கண்ணால் பார்த்தால் அழகான அட்டவணை. உள்ளே அட்டவணை என்று ஒன்றுமே இல்லை. இந்த எழுத்து இந்த இடத்தில் நிற்கட்டும் என்ற குறிப்பு மட்டும்தான். அதை வெறும் எழுத்தாக உரித்தெடுத்தால், எந்த எண் எந்தத் தலைப்புக்குக் கீழே வரும் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் நாள் எழுதிய புரோகிராமை ஓடவிட்டபோது மலையகத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஹீமோகுளோபின் சரியாகப் பன்னிரண்டு என்று வந்தது. பேரின்பநாயகம் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "எல்லாருக்கும் ஒரே அளவோ? இவையள் என்ன, ஒரே அச்சில வார்த்தவையளோ?" என்றார். பார்த்தால், முடிவுக்குப் பக்கத்தில் 'இயல்பான அளவு பன்னிரண்டிலிருந்து பதினைந்து' என்று அச்சடித்திருந்ததில் அந்தப் பன்னிரண்டைப் புரோகிராம் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. நாகலெட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துத் திருத்தினாள்.

இரண்டாம் நாள் வேறு கூத்து. இரத்தம் குறைவாக இருந்தால் லாப்காரர்கள் எண்ணுக்குப் பக்கத்தில் 'எல்' என்று ஓர் எழுத்துப் போடுவார்கள். குறைவு என்பதற்கு அடையாளம். புரோகிராம் அதை லீட்டர் என்று எடுத்துக்கொண்டு அலகுக் கட்டத்தில் போட்டுவிட்டது. ஒரு பெண்ணுக்குப் பத்து லீட்டர் என்று பார்த்ததும், "பால்காரன் கணக்கா இருக்கே" என்று தானே சொல்லிக்கொண்டு அதையும் திருத்தினாள்.

அடுத்தது பெயர். ஒரு லாப் முழுப் பெயர் எழுதும், ஒரு லாப் இரண்டெழுத்துச் சுருக்கம் எழுதும், இன்னொன்று அமெரிக்க எழுத்துக்கூட்டலில் எழுதும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் என்று ஒரு பட்டியல் வைத்தாள். அலகிலும் அப்படித்தான்: ஹட்டன் லாப்பும் நுவரெலியா லாப்பும் டெசிலீட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுத, கண்டியில் இருந்த மூன்றாவது லாப் மட்டும் லீட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதியது. அங்கே நூற்றுப் பதினெட்டு என்றால் இங்கே பதினொன்று தசம் எட்டு. பத்தால் வகுக்கச் சொன்னாள். தோட்டத்து டிஸ்பென்சரிகளிலிருந்து படமாக வந்த சில ரிப்போர்ட்டுகளில் உரிப்பதற்கு எழுத்தே இல்லை. அவற்றைக் கையால் இரண்டு தடவை தனித்தனியாக அடித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாள். வெறிபிடித்தவள் மாதிரி வேலை செய்தாள். பின்னேரம் நாலரைக்குக் கடைசி பஸ்ஸுக்கு ஓடும்போதும் பாட்டுப் பாடிக்கொண்டே ஓடினாள்.

திகதியில்தான் அவளுக்குச் சனி இருந்தது.

ஹட்டன் லாப் மாதத்தை எழுத்தில் போடும், தகராறு இல்லை. நுவரெலியா லாப் நாள், மாதம், வருடம் என்று எண்ணில் போடும். கண்டி லாப்பும் எண்ணில்தான், அதே சாய்கோடுதான். ஆகவே நாள் முதலில், மாதம் இரண்டாவது என்று எல்லாவற்றுக்கும் ஒரே விதி வைத்தாள். ரிப்போர்ட்டில் எடுத்த திகதி, லாப்புக்கு வந்த திகதி, ரிப்போர்ட் எழுதிய திகதி என்று மூன்று இருக்கும். எடுத்த திகதி வரியை மட்டும் பார், மற்றதைத் தொடாதே என்றும் சொல்லிவைத்தாள். புரோகிராமும் சொன்னதைக் கேட்டது. கண்டி லாப்பின் ஐந்நூற்றுப் பன்னிரண்டு கோப்பில் அறுபத்து மூன்றை மட்டும் 'இப்படி ஒரு திகதி இல்லை' என்று தள்ளிவிட்டது. பார்த்தாள்: 07/14/2007. பதினாலாம் மாதம் எங்கே இருக்கிறது?

"பாவம், அந்த லாப்புப் புள்ளைக்குக் கை தடுமாறுது. நாளையும் மாசத்தையும் மாத்தி அடிச்சுருக்கு" என்றாள் நாகலெட்சுமி. அறுபத்து மூன்றையும் பொறுமையாகக் கையால் நேராக்கினாள். கோணலைக் கண்டால் நேராக்குகிற கை. ஏன் கோணலாச்சு என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

பதினொரு நாளில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பதிவும் கொழும்புக்குப் போயிற்று. ஆரூரனிடமிருந்து, ஒரு காற்புள்ளி பிசகாமல் எல்லாம் உள்ளே போய்விட்டது, நன்றி என்று மின்னஞ்சல் வந்தது. பேரின்பநாயகம் அதையும் அச்செடுத்து ஓட்டை போட்டுக் கோத்தார். அன்றைக்கு ஒபிஸில் உளுந்து வடையும் பிளேன்டீயும்.

வடை செரித்து ஒரு கிழமை போகவில்லை, டெலிபோன் அடித்தது. கொழும்பிலிருந்து டொக்டர் சிவகௌரி. இந்த மாத்திரைத் திட்டம் முழுவதுக்கும் அவர்தான் மேலே. பேரின்பநாயகம் 'ஓம்', 'ஓமோம்' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று. போனை வைத்துவிட்டு நாகலெட்சுமியைப் பார்த்தார்.

"பிள்ளை, பூண்டுலோயாப் பக்கம் கீழ்க்கணக்கில மாத்திரை குடுக்கிற அந்த மனுசி, ராக்காயி... அவவை நிப்பாட்டப் போகினமாம்."

நாகலெட்சுமிக்கு ராக்காயியைத் தெரியும். பக்கத்துத் தோட்டம்தான், அதன் கீழ்ப்பிரிவைத்தான் கீழ்க்கணக்கு என்பார்கள். நாற்பத்தெட்டு வயது, கொழுந்து பறிக்கிறவள். ஒரு சம்பளமும் இல்லாமல் தானாக முன்வந்து, ஒவ்வொரு பின்னேரமும் லயம் லயமாக நடந்து முப்பத்தொரு பெண்களுக்கு மாத்திரை கொடுக்கிறவள். குரல் அடுத்த மலைக்குக் கேட்கும். மாத்திரை கசக்குது என்று எவளாவது சொன்னால், "ஓம் புருசன் கசக்கலியா, அவன வச்சுக்கிட்டுதானே இருக்க" என்பாள்.

"ஏன் சேர்? என்ன செஞ்சாங்க அவங்க?"

கொழும்பு முறைமை ஒவ்வொரு பெண்ணின் பதிவுகளையும் திகதிப்படி வரிசையாக்கி, முதல் முடிவையும் கடைசி முடிவையும் ஒப்பிட்டுப் பார்க்கும். கீழ்க்கணக்கில் முப்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேருக்கு இரத்தம் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. மற்ற இருவருக்கு மாற்றமில்லை. ஏறியிருப்பது ஒரே ஒருத்திக்கு, பட்டியலில் முப்பத்திரண்டாவதாக இருக்கும் ராக்காயிக்கு. பத்து தசம் நாலிலிருந்து பதினொன்று தசம் ஒன்பது.

"மற்றவையின்ர மாத்திரையை எல்லாம் இவவே விழுங்கிப்போட்டா எண்டு கொழும்பில கதைக்கினமாம். சனிக்கிழமை டொக்டர் நேரில வாறா, விசாரிக்க. எங்களையும் வரட்டாம்."

தோட்டத்தில் கள்ளி என்று ஒரு பேர் வந்துவிட்டால் லயத்துக் குழாயடியில்கூட நிற்க முடியாது. ராக்காயி அப்படிப்பட்டவள் இல்லையே என்று நாகலெட்சுமியின் மனம் சொன்னது. ஆனால் எண் சொல்கிறதே, அதுவும் தான் அடுக்கிக் கொடுத்த எண். அதை எப்படி இல்லை என்பது?

சனிக்கிழமை தோட்டத்து டிஸ்பென்சரியில் மர வாங்கு போட்டு உட்கார்ந்தார்கள். டொக்டர் சிவகௌரி மெலிந்த உருவம், மெல்லிய குரல். கோபக்காரர் இல்லை, ஆனால் விடுகிறவரும் இல்லை. பேரின்பநாயகம் தன் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்தில். ராக்காயி கொழுந்துக் கூடையை வெளியே இறக்கிவைத்துவிட்டு, இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கோடு அப்படியே உள்ளே வந்தாள். வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, கோவிக்காதேங்கோ" என்று தொடங்கினார் டொக்டர். "நீங்கள் மாத்திரையை ஒழுங்காக் குடுத்தனீங்களோ?"

"கையில குடுத்து, வாய்ல போட்டு, தண்ணி குடிக்கிற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தாங்க வருவேன். வேணும்னா இவளுகளக் கேளுங்க."

"அப்ப இரத்தம் குறைஞ்சிருக்கே. போன வருசம் தை பன்னிரண்டாந் திகதி நல்லா இருந்திருக்கு. பிறகு கார்த்திகை எட்டாந் திகதி எடுத்துப் பாக்கேக்க குறைஞ்சு போச்சு."

ராக்காயி நெற்றியைச் சுருக்கினாள். "எப்ப எடுத்ததுங்கிறீங்க?"

"கார்த்திகை எண்டால் நவம்பர். நவம்பர் எட்டு."

"போன வருசம் நவம்பர் எட்டா?" ராக்காயியின் குரல் இப்போதுதான் அதன் சொந்த உயரத்துக்கு ஏறியது. "அன்னிக்குத் தீவாளிங்க! ஏண்டி, போன வருசத் தீவாளி எட்டாந் தேதிதானே?"

வாசலில் இருந்து பத்துப் பதினைந்து குரல் ஒன்றாக, "ஆமா, வியாழக்கெழம!" என்றது.

"தீவாளி அன்னிக்கு எண்ணெ தேச்சுக் குளிச்சு, புதுச்சீல கட்டிக்கிட்டு, எவ வந்து ஒங்களுக்குக் கை நீட்டி ரத்தம் குடுப்பா? அன்னிக்குப் பெரட்டும் கெடையாது, வேலையும் கெடையாது. டிஸ்பென்சரி பூட்டு. ஒங்க வானு வந்தா அதுக்கும் பொட்டு வச்சு, பலகாரம் குடுத்துல்ல அனுப்பியிருப்போம்!"

வாசல் கொல்லென்று சிரித்தது. நாகலெட்சுமி சிரிக்கவில்லை. தீபாவளி அன்று தான் எங்கே இருந்தாள் என்று யோசித்தாள். வீட்டில்; ஒபிஸுக்கு மூன்று நாள் லீவு; வானும் ஹட்டனில் நின்றது. இந்தத் திகதி தன் விரல் வழியாகத்தானே போனது! தோட்டத்தில் பிறந்தவளுக்குக் கண்ணில் குத்தியிருக்க வேண்டாமா?

"சேர், அந்தக் கோப்பக் குடுங்க" என்றாள்.

கோப்பில் ராக்காயியின் ரிப்போர்ட் தாளைத் தேடி எடுத்தாள். கண்டி லாப். எடுத்த திகதி 08/11/2007. அதற்குக் கீழ் வரியில், அவள் புரோகிராமிடம் தொடாதே என்று சொன்ன வரியில், லாப்புக்கு வந்த திகதி 08/13/2007.

பதின்மூன்றாம் மாதம்.

தாளைப் புரட்டினாள். அடுத்தது, அதற்கடுத்தது. கண்டி லாப்பின் தாள்கள் எல்லாவற்றிலும் முதல் எண் பன்னிரண்டைத் தாண்டவே இல்லை. இரண்டாவது எண் பதின்மூன்று, பதினாலு, பதினைந்து என்று தாராளமாகப் போயிற்று. அந்த லாப்பில் யாருக்கும் கை தடுமாறவில்லை. அவர்கள் கொம்பியூட்டர் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் எழுதுகிறது, அவ்வளவுதான். கண்டி லாப்புக்கான இரத்தத்தை வான் மாதத்தின் முதல் இரண்டு கிழமைக்குள்தான் எடுக்கும். அதனால் பெரும்பாலான திகதிகள் எந்தப் பக்கம் வாசித்தாலும் நம்பும்படி இருந்துவிட்டன. நம்ப முடியாத அறுபத்து மூன்று, கத்திக் கத்திச் சொல்லியிருக்கின்றன. அவற்றின் வாயைத் தன் கையாலேயே மூடியிருக்கிறாள்.

எழுந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டொக்டர், பெழை என்னோடது. இவங்கமேல ஒரு பெழையும் இல்ல" என்றாள். "இது நவம்பர் எட்டு இல்ல, ஆகஸ்ட் பதினொன்னு. நீங்க தை, ஜனவரி பன்னெண்டுன்னு சொன்னது டிசம்பர் ஒன்னு. முன்னது பின்னதாவும் பின்னது முன்னதாவும் போயிருச்சு. மாத்திரை குடுக்கிறதுக்கு முன்னாடி எடுத்த ரத்தத்த, குடுத்தப்புறம் எடுத்ததுன்னு நாந்தான் அனுப்பிட்டேன்."

டொக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். இரண்டு வரியையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பேரின்பநாயகத்தைப் பார்த்து, "நல்ல காலம் சேர், அச்செடுத்து வச்சிருக்கிறியள்" என்றார். மனிதர் இரண்டங்குலம் உயர்ந்துவிட்டார்.

"ஆனா ஒரு தாளை வச்சு முடிவெடுக்கேலாது" என்று நாகலெட்சுமியிடம் திரும்பினார் டொக்டர். "லாப்பைக் கேட்டு உறுதிப்படுத்துங்கோ. எல்லாத்தையும் திருப்பிச் செய்து அனுப்புங்கோ. அதுவரைக்கும் ஒருத்தரையும் நிப்பாட்ட மாட்டம்."

ராக்காயி நாகலெட்சுமியின் கன்னத்தைக் கிள்ளினாள். கொழுந்துக் கறை படிந்த கட்டை விரல். "அழுவாத புள்ள. ஒன்னையத் தோட்டத்துக் கண்டாக்கரு மாதிரி அதட்டலாம்னு பாத்தா, நீயே மொதல்ல அழுவுற" என்றாள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் கண்டிக்குப் போன் போட்டாள். ஆமாம், மாதம்தான் முதலில், கொம்பியூட்டர் வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான், இதுவரை யாருமே கேட்கவில்லையே என்றார்கள். 'நானும்தான் கேக்கல' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வேலையில் இறங்கினாள். இனி எல்லாருக்கும் ஒரே விதி கிடையாது. லாப்புக்கு ஒரு விதி. திகதி எங்கிருந்து வந்தாலும் பதிவில் வருடம், மாதம், நாள் என்ற ஒரே வரிசையில் நிற்கும். மூலத்தில் இருந்த எழுத்து அப்படியே இன்னொரு கட்டத்தில் சாட்சியாக இருக்கும். எடுத்த திகதியோடு வந்த திகதியையும் புரோகிராம் வாசிக்கும். வந்தது எடுத்ததற்கு முந்தினாலோ, திகதியாகவே இல்லாவிட்டாலோ, கோப்பை ஒதுக்கிவைத்துக் கூப்பிடும். கூப்பிட்டால், கையால் நேராக்குவதற்கு முன்னால் ஏன் என்று கேட்க வேண்டும். இது புரோகிராமுக்கு இல்லை, தனக்கு. கடைசியாகத் தீபாவளி, பொங்கல், பௌர்ணமிப் போயா விடுமுறை நாட்களின் பட்டியல் ஒன்று. அந்த நாளில் எவளாவது இரத்தம் கொடுத்ததாக வந்தால் மணி அடிக்கும்.

"இந்த விதியை நாசாக்காரனும் எழுதியிருக்க மாட்டான்" என்றார் பேரின்பநாயகம்.

கண்டி லாப்பின் பதிவுகளில் அவள் கையால் திருத்திய அறுபத்து மூன்றும் சரியாகவே இருந்தன. நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்த பதினொன்றில் மாற்றமில்லை. மீதி நானூற்று முப்பத்தெட்டும் இடம் மாறின. புதன்கிழமை கீழ்க்கணக்கின் பட்டியலைத் திறந்தபோது, முப்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேருக்கு இரத்தம் ஏறியிருந்தது. எட்டு தசம் ஒன்பது, பதினொன்று தசம் இரண்டாகியிருந்தது. ஒன்பது தசம் நாலு, பன்னிரண்டைத் தொட்டிருந்தது. நாகலெட்சுமி கதிரையோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். மேசையைத் தட்டித் தாளம் போட்டாள். பேரின்பநாயகம் அச்செடுக்க ஓடினார், அவள் தடுக்கவில்லை.

பட்டியலின் கடைசி வரி ராக்காயி. அதைப் பார்த்ததும் தாளம் நின்றது. எல்லாம் தலைகீழானால் அதுவும் தலைகீழாகத்தானே வேண்டும். ஆகஸ்டில் பதினொன்று தசம் ஒன்பது. டிசம்பரில் பத்து தசம் நாலு. முப்பத்திரண்டு பேரில் இரத்தம் இறங்கியது அவள் ஒருத்திக்குத்தான். நாகலெட்சுமி மூலத்தாளை எடுத்து மூன்று தடவை பார்த்தாள். திகதி சரி, அலகு சரி, எண் சரி.

பதிவுகளை அனுப்பினாள். டொக்டர் சிவகௌரி மறுநாளே போன் பண்ணினார். தானே வந்து கீழ்க்கணக்குப் பெண்கள் முன்னால் மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொன்னார். பிறகு, "அந்தக் கடைசி வரியைப் பாத்தனீரோ?" என்றார்.

"பாத்தேன் டொக்டர்."

"நீர்தான் கேக்கவேணும். எனக்குச் சொல்ல மாட்டா."

அடுத்த சனிக்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்த நேரம், நிறுவைக் கொட்டகைக்கு முன்னால் டொக்டர் மன்னிப்புக் கேட்டார். சுற்றி வளைக்காமல், ராக்காயியின் பேரைச் சொல்லிக் கேட்டார். பெண்கள் கைதட்டிய தட்டில், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கர் ஒபிஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ராக்காயி வெட்கப்பட்டுப் படங்குச் சாக்கைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கும் வெட்கம் வரும் என்பதை அன்றுதான் தோட்டம் கண்டது.

நாகலெட்சுமி அவளைக் கொட்டகையின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "அக்கா, எல்லாருக்கும் ஏறியிருக்கு. ஒங்களுக்கு மட்டும் எறங்கியிருக்கு. ஒங்க மாத்திரைய என்ன செஞ்சீங்க?"

"என்னத்த செய்வேன், முழுங்குனேன்."

"அக்கா."

ராக்காயி மலையைப் பார்த்தாள். பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. கொட்டகைத் தூண் மறைவில் நின்ற ஒரு சின்னப் பெண், தனுஜா. பட்டிப்பொலப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள்.

"எனக்குக் குடுத்துட்டாங்க" என்றாள் தனுஜா. "நான் வந்தப்போ ரத்தம் எடுத்து முடிஞ்சிருச்சு, லிஸ்ட்ல எம் பேரு இல்ல. மலையில தலசுத்தி விழுந்துட்டேன். அன்னியிலருந்து இவங்க மாத்திரைய எனக்குத்தான் தந்தாங்க. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"ஒரு பேரக் கூட்டச் சொல்லி எழுதிப்போட்டா, கொழும்புலருந்து பதில் வர்றதுக்குள்ள இவ புள்ள பெத்துருவா" என்றாள் ராக்காயி, பிடிபட்ட கோபத்தில்.

விஷயம் ஒரு நிமிஷத்தில் கொட்டகை முழுக்கப் பரவியது. டொக்டர் தனுஜாவின் பேரை அங்கேயே தன் கையால் எழுதிக்கொண்டார். பிறகு பையைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தார். அதை நீட்டுவதற்குள் ஒருத்தி போத்தல் தண்ணீரோடு வந்துவிட்டாள். இன்னொருத்தி ராக்காயியின் தோளைப் பிடித்துக் கூடையின்மேல் உட்கார வைத்தாள். "வாயத் தெற!" என்றாள் மூன்றாமவள். இத்தனை மாதமும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அத்தனை பேரும் சுற்றி நின்று அதட்டினார்கள்.

ராக்காயி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முப்பது வருசமா எங் கொழுந்த நிறுத்தாங்க, எம் பேர எழுதுனாங்க" என்றாள். "நீ முழுங்குனியாடின்னு இன்னிக்குத்தான் கேக்குறீங்க."

"பேசினது போதும், முழுங்குடி!" என்று தனுஜா கத்தினாள். மாமியார் வயதுக்காரியை டி போட்டுவிட்டோமே என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொட்டகையே சிரித்து உருண்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவே ராக்காயி மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயை அகலத் திறந்து காட்டினாள்.